பிஎன்ஜியில் சேமித்ததும் வகுத்தல் ஏன் உடைகிறது?

பட்டர்வொர்த் தம்பி · 12 பிப்ரவரி 2025, இரவு 10:40

இரண்டு நாளாக மண்டை காய்கிறது. 1024 பிக்சல் அகலமுள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, கிடைமட்டமாக 15 பிக்சலுக்கு நானே மங்கலாக்கி `g` என்று வைத்தேன். பிறகு அதிர்வெண் பக்கம் போய் வகுத்தேன்:

```python
L, N = 15, 1024
h = np.zeros(N); h[:L] = 1 / L
H = np.fft.fft(h)
G = np.fft.fft(g, axis=1)
f1 = np.real(np.fft.ifft(G / H, axis=1))
```

படம் அப்படியே திரும்ப வந்தது. மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு இம்மி வித்தியாசமில்லை. அதே `g`-யை பிஎன்ஜியாகச் சேமித்து, திறந்து, அதே வரிகளை ஓட்டினேன். படம் முழுக்க நுணுக்கமான கோடுகள். முகம் எங்கே, சுவர் எங்கே என்றே தெரியவில்லை.

பிஎன்ஜி எதையும் இழக்காது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அப்படியானால் எது தொலைந்தது?

செந்தூல்காரன் · 12 பிப்ரவரி, இரவு 11:05

தம்பி, பூச்சியத்தால் வகுக்கிறாய், அவ்வளவுதான். மங்கலின் ஃபூரியர் சில இடங்களில் பூச்சியமாகும். `H + 1e-6` என்று போடு, சரியாகிவிடும்.

பட்டர்வொர்த் தம்பி · 12 பிப்ரவரி, இரவு 11:31

போட்டுப் பார்த்தேன் அண்ணா. ஒரு மாற்றமும் இல்லை. பூச்சியம்தான் காரணம் என்றால் முதல் தடவை மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

தண்ணீர்மலை · 13 பிப்ரவரி, காலை 6:50

தம்பி கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிஎன்ஜி எதையும் இழக்கவில்லை. அதற்கு முன்னால் நீங்கள்தான் இழந்தீர்கள். மங்கலாக்கியபின் ஒரு பிக்சலின் மதிப்பு 117.4 என்று இருந்திருக்கும். 8 பிட் படத்தில் அதற்கு இடமில்லை, 117 ஆகிவிடும். பக்கத்துப் பிக்சல் 118.7, அது 119 ஆகும். இப்படி ஒவ்வொரு பிக்சலிலும் அரைப் படிக்குள் ஒரு பிழை. திட்ட விலக்கமாகக் கணக்கிட்டால் 0.29 படி. 256 படியில் 0.29 என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அதுவும் இரைச்சல்தான்.

இப்போது உங்கள் `H`-ஐப் பாருங்கள். இந்த ஒரு வரியை ஓட்டுங்கள்:

```python
print(np.argmin(abs(H)), 1 / abs(H).min())
```

273 அல்லது 751 என்று வரும், இரண்டும் ஒன்றுதான், எதிரெதிர்ப் பக்கம். கூடவே 3630 சொச்சம் என்று ஒரு எண் வரும். அதாவது 273ஆம் அதிர்வெண்ணில் உங்கள் வகுத்தல் எதையும் 3630 மடங்கு பெருக்குகிறது.

அந்த ஒரு இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூலப்படத்தில் அந்த அதிர்வெண்ணின் பலம் 3 படி என்று வைத்துக்கொள்வோம். மங்கல் அதை 3630-ஆல் சுருக்கிவிட்டது. மிஞ்சியது 0.0008. அதன்மேல் முழு எண்ணாக்கிய பிழை 0.29 வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் 3630-ஆல் பெருக்குகிறீர்கள். 0.0008 மறுபடி 3 ஆகிறது. 0.29-ம் சேர்ந்து பெருகி 1050 ஆகிறது. மூன்றைத் தேடிப் போன இடத்தில் ஆயிரத்து ஐம்பது நிற்கிறது.

முதல் தடவை ஏன் வந்தது? அப்போதும் பிழை இருந்தது. கணினியின் மிதவை எண்ணில் அது 16ஆவது இலக்கத்தில் இருந்தது. 3630 மடங்கு பெருகியும் யாருக்கும் தெரியாத அளவு.

செந்தூல் அண்ணன் சொன்னதில் பாதி சரி. சிக்கல் `H` சிறிதாகும் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பூச்சியம் எதுவுமில்லை. 15-க்கும் 1024-க்கும் பொது வகுத்தி கிடையாது. அதனால் `H` பூச்சியத்தின் பக்கத்தில் போகும், தொடாது. மிகச் சிறிய இடத்திலேயே 0.000275. அதோடு 0.000001 சேர்த்தால் என்ன மாறும்?

தண்ணீர்மலை · 13 பிப்ரவரி, காலை 7:15

பேருந்தில் இருக்கிறேன், ஒன்று விட்டுப்போனது. எல்லா அதிர்வெண்ணும் இப்படியில்லை. 10ஆம் அதிர்வெண்ணில் `H` 0.965. அங்கே வகுத்தாலும் இரைச்சல் 1.04 மடங்குதான். 68-இல் 253 மடங்கு. படத்தின் பெரிய வடிவங்கள் நன்றாகவே திரும்பி வந்திருக்கும். ஆனால் 273-உம் 478-உம் மட்டும் போடும் சத்தத்தில் அவை மூழ்கிவிட்டன. எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்து நான் கையால் கணக்குப் போட்டதில் 212 மடங்கு வருகிறது. 0.29 × 212, ஏறக்குறைய 61 படி. தம்பி, மூலத்தைக் கழித்து திட்ட விலக்கம் பாருங்கள். வெட்டாமல், 0-க்கும் 255-க்கும் அப்பால் போவதையும் விட்டுவைத்துப் பாருங்கள்.

பட்டர்வொர்த் தம்பி · 13 பிப்ரவரி, மதியம் 1:20

60.8.

அக்கா, கை நடுங்குகிறது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.

செந்தூல்காரன் · 13 பிப்ரவரி, மதியம் 2:02

சரி, 1e-6 போதாது. அப்படியானால் 0.01 சேர்க்கலாமே? இல்லையென்றால் உயர் அதிர்வெண்ணையே வெட்டி எறிந்துவிடலாம். இரைச்சல் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

தண்ணீர்மலை · 13 பிப்ரவரி, மாலை 6:40

இரண்டையும் நான் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

0.01 சேர்ப்பது: மங்கலை நடுவில் வைத்து எழுதினால் `H` முழுக்க மெய்யெண். முதல் தாழ்வைத் தாண்டியதும் அது எதிர்மறையாகிறது. எதிர்மறையான இடத்தில் −0.01 என்று ஒரு மதிப்பு இருந்தால், நீங்கள் 0.01 சேர்த்ததும் அங்கே புதிதாக ஒரு பூச்சியம் பிறக்கும். நன்றாக இருந்த இடத்தைக் கெடுத்ததாகிவிடும்.

வெட்டுவது: முதல் தாழ்வு 68-இல் வருகிறது. முழு வீச்சு 512. அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தூரத்திலேயே முதல் பள்ளம். பள்ளத்துக்கு முன்னாலேயே வெட்டினால் 15 பிக்சலுக்கு மேற்பட்ட பெரிய வடிவங்கள் மட்டும்தான் மிஞ்சும். அவை மங்கலான படத்திலேயே தெரிந்தவை. பள்ளத்துக்குப் பின்னால் வெட்டினால் பள்ளம் உள்ளேயே இருக்கும். இது சாலையில் 68, 137, 205 என்று குழி இருப்பது போல. குழிக்குக் குழி மெதுவாகப் போக வேண்டும். சாலையையே மூடினால் வீடு போய்ச் சேர முடியாது.

அதைத்தான் இந்த வரி செய்கிறது, இதில் `K` நாம் வைக்கும் ஒரு சிறிய எண்:

```python
f2 = np.real(np.fft.ifft(np.conj(H) * G / (abs(H)**2 + K), axis=1))
```

`H` பெரிதாக இருக்கும் இடத்தில் `K` ஒரு பொருட்டில்லை, சாதாரண வகுத்தல் நடக்கும். `H` சிறிதாகும் இடத்தில் `K` கை ஓங்கி, பெருக்கலை அடக்கிவிடும். இன்னொரு நல்ல குணம், எந்த அதிர்வெண்ணிலும் பெருக்கல் 1/(2√K)-ஐத் தாண்டாது. `K` 0.01 என்றால் 5 மடங்குதான் உச்சம். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று கணிக்க முயன்றவர் நார்பர்ட் வீனர். அந்தக் கணக்கு 1949-இல் புத்தகமாக வந்தது. அதன் எளிய வடிவம்தான் இந்த ஒரு வரி.

தம்பி, 0.00003-இல் தொடங்குங்கள். உங்கள் இரைச்சலின் வலிமை பன்னிரண்டில் ஒன்று, படத்தினுடையது 50-இன் வர்க்கம் என்று எடுத்தால் அவ்வளவு வரும்.

பட்டர்வொர்த் தம்பி · 13 பிப்ரவரி, இரவு 9:48

0.00003-இல் முகம் வந்துவிட்டது! கன்னத்தில் லேசாகக் கோடு இருக்கிறது, மற்றபடி தெளிவு. 0.01-இல் கோடு இல்லை. ஆனால் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, சட்டைக் காலருக்குப் பக்கத்தில் அதே காலர் மங்கலாக இன்னும் இரண்டு தடவை தெரிகிறது. எண்ணிப் பார்த்தேன், 15 பிக்சல் தள்ளித் தள்ளி.

15-க்குப் பதில் 16 வைத்தும் பார்த்தேன். இந்தத் தடவை சேமிக்காமலேயே, நேரடியாக வகுத்தே குப்பை.

செந்தூல்காரன் · 13 பிப்ரவரி, இரவு 9:55

பார்த்தாயா, 16-இல் பூச்சியம்! நான் சொன்னது வீண் போகவில்லை.

தண்ணீர்மலை · 13 பிப்ரவரி, இரவு 10:30

உண்மைதான் அண்ணா. 16 என்றால் 64, 128, 192 என்று சரியாகப் பூச்சியத்தில் விழுகிறது. அங்கே மூலம் என்னவாக இருந்தது என்பதற்கு மங்கலான படத்தில் எந்தத் தடயமும் இல்லை. இரைச்சலே இல்லாவிட்டாலும் திரும்ப வராது. 15-இல் தடயம் இருக்கிறது, இரைச்சல் அதை மூடிவிட்டது. நிஜப் படத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான்.

காலரின் நிழல்கள் எதனால் என்றால், `K` அடக்கிய குழிகள் 68 இடைவெளியில் வருகின்றன. அதிர்வெண்ணில் 68-க்கு ஒரு குழி என்றால் படத்தில் 15 பிக்சலுக்கு ஒரு எதிரொலி. `K` தொலைந்ததை மீட்டுத் தருவதில்லை. 273-இல் 0.00003 வைத்தால் மூலத்தின் கால் சதவீதம்தான் திரும்பி வரும். மீதியைக் கைவிடுகிறது. கைவிட்ட இடம் நிழலாகத் தெரிகிறது.

ஜாலான் ஈப்போ · 14 பிப்ரவரி, காலை 8:12

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கணக்குத் தெரியாது. போன மாதம் ஒரு காடி என் மோட்டாரை உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்னால் வந்த நண்பரின் காடியில் டேஷ்கேம் இருந்தது. நம்பர் பிளேட் மங்கலாக இருக்கிறது. இந்த முறையில் எழுத்தைக் கொண்டுவர முடியுமா? வீடியோவை யாருக்கு அனுப்ப வேண்டும்?

தண்ணீர்மலை · 14 பிப்ரவரி, காலை 8:40

ஐயா, உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம், அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வாட்சப்பில் அனுப்பி வந்த நகல் உதவாது. ஒரு கேள்வி: பிளேட் எத்தனை பிக்சல் அகலம் இருக்கிறது, எத்தனை ஃபிரேமில் தெரிகிறது?

ஜாலான் ஈப்போ · 14 பிப்ரவரி, மதியம் 12:30

மகள் அளந்து சொன்னாள். 34 பிக்சல். ஒன்பது ஃபிரேம். ஏழு எழுத்து, அதில் முதல் எழுத்து W என்று நினைக்கிறேன்.

தண்ணீர்மலை · 14 பிப்ரவரி, மதியம் 1:05

ஏழு எழுத்துக்கு 34 பிக்சல் என்றால் ஒரு எழுத்துக்கு ஐந்துகூட இல்லை. மங்கல் இல்லாமலேயே 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். இதில் வீடியோச் சுருக்கம் வேறு. தம்பியின் படத்தில் இரைச்சல் 0.29 படி. டேஷ்கேம் கோப்பில் சுருக்கும்போதே நுண்ணிய அதிர்வெண்களை வேண்டாம் என்று அடித்துவிடும். வகுத்தல் எந்த மெல்லிய தடயத்தை நம்பி நடக்கிறதோ, சுருக்கம் முதலில் தூக்குவது அதைத்தான்.

ஒரே நம்பிக்கை அந்த ஒன்பது ஃபிரேம். காடி விலகிப் போகும்போது வேகம் மாறும், மங்கலின் நீளமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஒன்றில் குழி இருக்கும் இடத்தில் இன்னொன்றில் குழி இருக்காது. எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பும். மேலே `conj(H)*G`-களின் கூட்டல், கீழே `abs(H)**2`-களின் கூட்டலோடு `K`. ஆனால் வரும் எழுத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள் ஐயா. எதிரொலி நிழல் 3-ஐ 8 போலக் காட்டும். அந்த இடத்துக் கடைகளில் யாரிடமாவது கேமரா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

செந்தூல்காரன் · 14 பிப்ரவரி, இரவு 8:20

அப்படியானால் ஹபிள் தொலைநோக்கி எப்படி? 1990-இல் கண்ணாடி தப்பாகச் செதுக்கப்பட்டு மேலே போனது. 1993 டிசம்பரில்தான் ஆள் போய்ச் சரிசெய்தார்கள். நடுவில் மூன்று வருடம் கணினியில்தானே தெளிவாக்கினார்கள்?

தண்ணீர்மலை · 14 பிப்ரவரி, இரவு 9:10

ஆமாம், பிரகாசமான பொருளுக்கு நன்றாகவே வந்தது. அவர்கள் வெறுமனே வகுக்கவில்லை. ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போகும் முறையை அதிகம் பயன்படுத்தினார்கள். ஒளியை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும் முறை அது, பதில் எதிர்மறையாகப் போகாது. அதிலும் ரொம்ப நேரம் ஓடவிட்டால் இரைச்சல் மணிமணியாகத் திரளும். எங்கே நிறுத்துவது என்பது அங்கே `K`-யின் இடத்தில் வரும் கேள்வி. மங்கலான விண்மீன் மண்டலங்களில் ஒளி குறைவு, இரைச்சல் கூடுதல். அதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாமல்தான் மேலே ஆள் போக வேண்டியிருந்தது.

எனக்கும் இதே பாடம் வேறு வழியில் வந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 9 வருடம் இருந்தேன். நகரும் பெல்ட்டில் சர்க்யூட் பலகை வரும், மேலே கேமரா, ஈயப் பற்று ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட் வேகத்தைக் கூட்டியதும் படம் பெல்ட் போகும் திசையில் இழுபட்டது. மேலதிகாரி மென்பொருளில் சரிசெய் என்றார். ஐந்து வாரம் `K`-யை மாற்றி மாற்றி உட்கார்ந்தேன். ஒவ்வொரு பற்றுக்கும் பக்கத்தில் பொய்யான ஒரு பற்று தெரிந்தது, இயந்திரம் நல்ல பலகையைத் தூக்கிப் போட்டது. கடைசியில் ஒரு டெக்னீஷியன் அக்கா, விளக்கை எரிய விடாமல் கண நேரம் மட்டும் மின்ன வைக்கலாமே என்றார். மங்கல் 15 பிக்சலிலிருந்து 2 பிக்சலுக்கு இறங்கியது. 2 பிக்சல் மங்கலுக்குக் கடைசி முனையில் ஒரே ஒரு பூச்சியம்தான். அதன்பின் வகுக்க வேண்டிய தேவையே வரவில்லை. அந்த ஐந்து வாரத்தில் நான் போட்ட கணக்கைத்தான் இன்று தம்பிக்குச் சொல்கிறேன்.

தண்ணீர்மலை · 15 பிப்ரவரி, காலை 7:30

திருத்தம். மேலே ஒரு இடத்தில் நான் அவசரப்பட்டிருக்கிறேன். `K` என்பது இரைச்சலுக்கும் படத்துக்கும் உள்ள விகிதம். ஆனால் படத்தின் பலம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றல்ல. பெரிய வடிவங்களில் கொட்டிக் கிடக்கும், நுணுக்கத்தில் வறண்டிருக்கும். ஒரே `K` போட்டால் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அது கூடுதல், உயர்ந்ததற்குக் குறைவு. கன்னத்தில் மிஞ்சிய அந்தக் கோடு அதனால்தான். `K`-யை அதிர்வெண்ணோடு ஏறும்படி வைத்தால் நன்றாக வரும்.

பட்டர்வொர்த் தம்பி · 15 பிப்ரவரி, இரவு 11:15

அக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனை எல்லாம் ஒரு படத்துக்காக. தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் பார்க்க ஜோர்ஜ் டவுன் போனோம். டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய் உடைத்து முடித்ததும், பாட்டி அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. கேமரா 1/8 நொடியில் இருந்தது, கை ஆடிவிட்டது. பாட்டி படம் எடுக்கச் சம்மதிப்பதே அபூர்வம். ரா கோப்பு இருக்கிறது.

15 பிக்சல் என்று வைத்து ஓட்டினேன், `K` எதை வைத்தாலும் வரவில்லை.

தண்ணீர்மலை · 16 பிப்ரவரி, காலை 6:20

தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

சோதனைப் படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இங்கே மங்கலின் வடிவம் நமக்குத் தெரியாது. கை ஆடினால் நேர்கோட்டில் ஆடாது. தவறான `H`-ஆல் வகுப்பது இரைச்சலைவிட மோசம், குழிகள் தப்பான இடத்தில் விழும். படத்தில் சின்ன விளக்கு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். புள்ளியாகத் தெரிய வேண்டிய விளக்கு என்ன கோலம் போட்டிருக்கிறதோ, அதுதான் உங்கள் மங்கல்.

ஜேபெக்கைத் தொடாதீர்கள், ராவிலிருந்தே எடுங்கள். மங்கல் நடப்பது ஒளியில். ஜேபெக்கில் ஒளியின் அளவு வளைக்கப்பட்டிருக்கும், அங்கே கூட்டலும் வகுத்தலும் பொருந்தாது.

ஓரத்தையும் கவனியுங்கள். உங்கள் சோதனையில் வலது ஓரம் இடது ஓரத்தோடு சுற்றி ஒட்டியிருந்தது. நிஜப் படத்தில் ஒரு ஓரம் இருட்டு, மறு ஓரம் ரத விளக்கு. ஃபூரியர் இரண்டையும் ஒட்டித்தான் பார்க்கும். அந்தத் தாவல் 0.29 இல்லை, நூறு படிகூட இருக்கும், அதுவும் சேர்ந்து பெருகும். ஓரங்களை மெல்ல மங்கவைத்து ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்.

பட்டர்வொர்த் தம்பி · 16 பிப்ரவரி, மாலை 5:45

விளக்கு இருக்கிறது! பந்தலில் கட்டிய சீரியல் விளக்கு. ஒவ்வொன்றும் தூண்டில் முள் மாதிரி வளைந்து, சுமார் 40 பிக்சல் நீளம். ஆனால் தொடர்ச்சியான கோடாக இல்லை, புள்ளி புள்ளியாக இருக்கிறது. பன்னிரண்டு புள்ளி. தொடக்கத்தில் நெருக்கமாக, வளைவில் தள்ளித் தள்ளி.

தண்ணீர்மலை · 16 பிப்ரவரி, மாலை 6:10

பன்னிரண்டு! அருமை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/8 நொடிக்குப் பன்னிரண்டரை. அந்தப் புள்ளிகள் ஒரு கடிகாரம். நெருக்கமாக இருக்கும் இடத்தில் கை மெதுவாகப் போயிருக்கிறது, விலகியிருக்கும் இடத்தில் வேகமாக. புள்ளிகளை இணைத்து, நெருக்கமான இடத்துக்கு எடை கூடுதலாக வைத்தால் உங்கள் `h` கிடைத்துவிடும்.

விளக்கின் பிரகாசத்தை அப்படியே `h`-ஆக எடுத்துவிடாதீர்கள். நடுவில் உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்டிருக்கும், வடிவம் மட்டும்தான் நம்பத்தக்கது.

செந்தூல்காரன் · 16 பிப்ரவரி, இரவு 7:30

பாட்டி முகத்தில் விழும் வெளிச்சமும் அதே சீரியல் விளக்கு என்றால், முகமும் புள்ளி புள்ளியாகத்தான் பதிந்திருக்கும். இணைக்காமல் புள்ளியாகவே வைத்தால்தானே சரி?

தண்ணீர்மலை · 16 பிப்ரவரி, இரவு 8:05

நல்ல கேள்வி அண்ணா, நான் யோசிக்கவில்லை. முகத்தில் எந்த விளக்கு விழுந்தது என்பதைப் பொறுத்தது. தெருவிளக்கும் கலந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. தம்பி இரண்டையும் ஓட்டிப் பார்க்கட்டும்.

பட்டர்வொர்த் தம்பி · 18 பிப்ரவரி, இரவு 12:20

இணைத்த கோடு, `K` 0.01. தட்டில் வெற்றிலை நரம்பு தெரிகிறது, உடைத்த தேங்காயின் ஓரம் தெரிகிறது. விளக்குகளைச் சுற்றி மட்டும் வளையம் வளையமாக அலை. பாட்டி முகம் முன்னைவிடத் தெளிவு, ஆனால் கண் இரண்டிரண்டாக இருக்கிறது. புள்ளியாக வைத்துப் பார்த்ததில் தட்டு கெட்டுவிட்டது, முகத்தில் பெரிய வித்தியாசமில்லை.

தண்ணீர்மலை · 18 பிப்ரவரி, காலை 6:35

விளக்கைச் சுற்றி அலை வருவது வெட்டுப்பட்ட உச்சத்தால். அங்கே நமது சமன்பாடே பொருந்தாது. அந்த இடத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் தனித் துண்டாக எடுங்கள்.

கண் இரண்டாகத் தெரிவதற்கு வேறு காரணம். பந்தல் விளக்கு அசையாதது, அதன் கோலம் உங்கள் கையின் ஆட்டம் மட்டும். பாட்டி அந்த நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். தட்டு கையில் நிலையாக இருந்திருக்கும், தலை அசைந்திருக்கும். தலைக்கு வேறொரு `h` வேண்டும். பாட்டி மூக்குக் கண்ணாடி போடுவாரா?

பட்டர்வொர்த் தம்பி · 18 பிப்ரவரி, மதியம் 1:10

போடுவார். இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கண்ணாடியில் ஒரு விளக்கின் பிரதிபலிப்பு இருக்கிறது. மங்கலான ஒளி, வெட்டுப்படவில்லை. அதே பன்னிரண்டு புள்ளி, ஆனால் முள் மாதிரி இல்லை. ஆரம்பம் அதே, பிறகு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 26 பிக்சல்தான்.

தண்ணீர்மலை · 18 பிப்ரவரி, மதியம் 1:18

அதை எடுங்கள். வளைந்த கண்ணாடியில் பிரதிபலிப்பு தலையைவிடக் கூடவோ குறையவோ நகரும், அதனால் நீளத்தை 26 என்றே நம்பாமல் 20 முதல் 32 வரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். சின்ன மங்கல் என்பதால் முதல் குழி இன்னும் தள்ளிப் போகும், `K`-யையும் கொஞ்சம் இறக்கலாம். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், இருட்டான சேலைப் பகுதியின் இரைச்சலும் வெளிச்சமான நெற்றியின் இரைச்சலும் ஒன்றல்ல.

ஜாலான் ஈப்போ · 18 பிப்ரவரி, மாலை 4:50

எதிரே இருந்த டயர் கடையில் கேமரா இருந்தது. முழு நம்பரும் தெளிவாக இருக்கிறது. நான் W என்று நினைத்தது V. தம்பி, பாட்டி படம் வந்ததா?

பட்டர்வொர்த் தம்பி · 19 பிப்ரவரி, இரவு 2:05

28 பிக்சல், `K` 0.004. கண் ஒன்றாகிவிட்டது ஐயா. நெற்றியில் திருநீற்றுக் கோடு மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. சேலையில் மணிமணியாக இரைச்சல் இருக்கிறது, அதை நாளை பார்க்கிறேன்.

செந்தூல்காரன் · 19 பிப்ரவரி, காலை 7:00

சேலைக்கு 0.02 வைத்துப் பார்.

தண்ணீர்மலை · 19 பிப்ரவரி, காலை 7:25

0.02 கூடுதல் அண்ணா, கரை போய்விடும். 0.008-இல் தொடங்கட்டும்.